பேப்பர் போட்ட பிறகு வரும் சம்பள உயர்வு

மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் பேப்பர் போட்ட அன்றே மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்துவிடும். "என்னாச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவங்க எவ்வளவு தர்றாங்க?" என்று கேள்விகள் ஏறக்குறைய இதே வரிசையில் வரும். கடைசிக் கேள்விக்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், பேச்சு அந்த இடத்திலேயே வேறு தடத்துக்கு மாறிவிடும். ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ மனிதவளத் துறையிலிருந்து இன்னொரு அழைப்பு வரும். "போக வேண்டாம், அந்தச் சம்பளத்துக்கு நாங்களே வந்துவிடுகிறோம்" என்பார்கள். கவுண்டர் ஆஃபர் என்று சொல்வது இதைத்தான்.

ஏற்பதா, மறுப்பதா என்று அந்த நேரத்தில் முடிவெடுப்பது எளிதல்ல. நான்கைந்து ஆண்டு பழகிய முகங்கள், தெரிந்த வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் அலுவலகம். போகும் இடமோ தெரியாத இடம். அதோடு "நம்மை இவ்வளவு மதிக்கிறார்களே" என்ற நெகிழ்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. இந்த நெகிழ்ச்சியில்தான் பலர் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை நிறுவனங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கோவைக்கும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இதே கதைதான்.

இந்தப் பேரத்துக்கு இங்கே இவ்வளவு இடம் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் நோட்டீஸ் பீரியட். அமெரிக்காவில் வேலையை விடுகிறவர் வழக்கமாக இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நம் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது 60 நாள் அல்லது 90 நாள். அந்த மூன்று மாதமும் ஊழியர் கையில் ஒரு ஆஃபர் லெட்டரோடு பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பழைய நிறுவனத்துக்கு மனத்தை மாற்ற நேரம் இருக்கிறது. வேறு நிறுவனங்களுக்கு இன்னும் கூட்டிக் கேட்க நேரம் இருக்கிறது. 2022 ஜூன் காலாண்டில் இன்போசிஸ் அறிவித்த கணக்கின்படி, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தாமாக விலகியவர்களின் விகிதம் 28.4 சதவீதம். அந்தக் காலத்தில் ஒரே ஆள் கையில் மூன்று ஆஃபர் லெட்டர் இருப்பது சாதாரணமாக இருந்தது. வேலைச் சந்தை இப்போது அவ்வளவு சூடாக இல்லை. ஆனாலும் அன்று ஊறிய பழக்கம், பேப்பர் போட்டதும் பேரம் பேசுவது, இன்னும் போகவில்லை.

முதலில், நிறுவனம் ஏன் திடீரென்று கூடுதல் பணம் தருகிறது என்று பார்க்க வேண்டும். சேவை நிறுவனங்களில் ஒவ்வொரு ஊழியரின் மணி நேரத்துக்கும் வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். ஒருவருடைய பில்லிங் மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 160 மணி நேரத்துக்கு 4,000 டாலர் வருகிறது. ரூபாயில் மூன்று லட்சத்துக்கு மேல். அவர் போன பிறகு அந்த இடம் இரண்டு மாதம் காலியாக இருந்தால் 8,000 டாலர் வருமானம் நின்றுபோகும். புதிதாக ஒருவரைத் தேடினால் அவருக்கும் 90 நாள் நோட்டீஸ் இருக்கும். வந்தவர் வேலையைப் பிடித்துக்கொள்ள மேலும் சில வாரங்கள் ஆகும். அதுவரை வாடிக்கையாளரின் அதிருப்தியை மேனேஜர்தான் சமாளிக்க வேண்டும். இந்த நிலையில் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து ஓர் ஆளை ஓராண்டு நிறுத்திவைப்பது நிறுவனத்துக்கு மலிவான வழி. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. வணிகத்தில் இயல்பான கணக்கு. ஆனால் உங்கள் திறமைக்கு நிறுவனம் போட்ட மதிப்பீடு என்று இதை எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். மதிப்பீடு சென்ற ஏப்ரலிலேயே நடந்தது. அப்போது கிடைத்த எட்டு சதவீதம்தான் அதன் விடை.

மறுபக்கத்தில், "கவுண்டர் ஆஃபரை ஏற்றவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள், ஏற்கவே கூடாது" என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஆட்சேர்ப்பு முகவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். நீங்கள் புது நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தால்தான் அது அவர்கள் கைக்கு வரும். ஆகவே இரு தரப்பின் அறிவுரையையும் தள்ளிவைத்துவிட்டு, கையில் இருக்கும் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் டெஸ்டிங் பொறியாளர் ஒருவர், சேர்ந்து நாலரை ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சி.டி.சி. 12 லட்சம். வேறு ஒரு நிறுவனம் 17 லட்சம் தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது. நவம்பரில் பேப்பர் போடுகிறார். இரண்டாவது வாரத்தில் பழைய நிறுவனம் 16 லட்சத்துக்கு வருகிறது. "ஒரு லட்சம்தானே வித்தியாசம், தெரிந்த இடத்திலேயே இருந்துவிடலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இப்போது உள்ளே பார்ப்போம். அவருடைய பழைய 12 லட்சத்தில் நிலையான சம்பளம் பத்தரை லட்சம். மீதியில் 80,000 செயல்திறனைப் பொறுத்து வரும் வேரியபிள். 70,000 நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி. கவுண்டர் ஆஃபரின் 16 லட்சத்தில் நிலையான சம்பளம் 12 லட்சம், வேரியபிள் 1,20,000, பி.எஃப்.-கிராஜுவிட்டி 80,000. மிச்சமுள்ள 2 லட்சம் ரிட்டென்ஷன் போனஸ், ஒரே ஒரு முறை தருவது. புது நிறுவனத்தின் 17 லட்சத்திலோ நிலையான சம்பளம் 14,40,000, வேரியபிள் 1,20,000, பி.எஃப்.-கிராஜுவிட்டி 90,000, சேரும்போது தரும் போனஸ் 50,000.

மாதக் கணக்கில் பார்த்தால் படம் மாறுகிறது. வரிப் பிடித்தத்துக்கு முன் அவருடைய இப்போதைய மாத நிலையான சம்பளம் 87,500. கவுண்டர் ஆஃபரில் 1,00,000. புது இடத்தில் 1,20,000. ஆண்டுக்கு ஒரு லட்சம்தான் வித்தியாசம் என்று தோன்றிய இடத்தில் மாதத்துக்கு 20,000 வித்தியாசம் இருக்கிறது. ஒரு முறை வரும் போனஸ் இரண்டு பக்கமும் கழிந்த பிறகு, இரண்டாம் ஆண்டில் பழைய இடத்தின் மொத்தம் 14 லட்சம், புது இடத்தின் மொத்தம் 16,50,000. இடைவெளி இரண்டரை லட்சம். அடுத்தடுத்த சம்பள உயர்வுகள் எல்லாம் நிலையான சம்பளத்தின் மேல்தான் சதவீதமாக ஏறும் என்பதால், இந்த இடைவெளி தானாகக் குறையப் போவதில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கும். "அடுத்த சம்பள மறுபரிசீலனை" எப்போது என்று சொல்லும் வரி. கவுண்டர் ஆஃபர் கடிதங்களில் அது வரும் ஏப்ரலைத் தாண்டி அதற்கடுத்த ஏப்ரலாக இருப்பது வழக்கம். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிலையான சம்பளத்தில் அவருக்குக் கிடைத்த உயர்வு ஒன்றரை லட்சம். பேப்பரே போடாமல் இருந்திருந்தால் ஏப்ரலில் எட்டு சதவீதம், அதாவது 84,000, எப்படியும் வந்திருக்கும். ஆக, ராஜினாமா வாங்கித் தந்தது ஆண்டுக்கு 66,000 ரூபாயும், உயர்வு நான்கைந்து மாதம் முன்னதாக வந்ததும் மட்டுமே. அவருடைய அடுத்த உயர்வையே கொஞ்சம் முன்கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கவுண்டர் ஆஃபர் கையில் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் தேட வேண்டியது இந்த மறுபரிசீலனைத் தேதியை. கடிதத்தில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது அந்த இரண்டு லட்சம். ரிட்டென்ஷன் போனஸோடு ஒரு நிபந்தனையும் வரும். பதினெட்டு மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்பது போல இருக்கும். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பணம் எப்போது கைக்கு வருகிறது? சில நிறுவனங்கள் உடனே கொடுத்துவிட்டுப் பிறகு பிடித்துவைக்கும். சில, ஆறு மாதம் கழித்துப் பாதி, ஒரு வருடம் கழித்துப் பாதி என்று தரும். இரண்டாவது வகையில் நடுவில் நிறுவனமே உங்களை அனுப்பிவிட்டால் மீதி கிடைக்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது விஷயம் வரி. போனஸ் தரும்போது வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். திருப்பிக் கேட்கும்போது பெரும்பாலான கடிதங்கள் கேட்பது வரிக்கு முந்தைய முழுத் தொகையை. கைக்கு வராத பணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது, குறிப்பாக நிதியாண்டு மாறிவிட்டால், பெரிய அலைச்சல். "கையில் பெற்ற தொகையை, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் கழித்து" என்று கடிதத்தில் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம் அது. பல மனிதவள அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள்.

"இந்த பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனைதான் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கான குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனை வேறு வகை. விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அந்த வழக்கில் செல்லும் என்று ஏற்கப்பட்டது. அது பொதுத்துறை வங்கி. ஆளெடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவழிக்கும் நிறுவனம். அதனால் எல்லாத் தனியார் நிபந்தனைக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், பணத்தை வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்துக்கு எடை இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

நம் டெஸ்டிங் பொறியாளரின் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: கிராஜுவிட்டி. சி.டி.சி.யில் ஆண்டுதோறும் அதைச் சேர்த்துக் காட்டுவார்கள். ஆனால் நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி முடிந்தால்தான் அது கிடைக்கும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படை ஊதியத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அவருடைய அடிப்படை ஊதியம் 43,750 என்றால், ஐந்தாண்டுக்குச் சுமார் 1,26,000 ரூபாய் வருகிறது. நாலரை ஆண்டில் பேப்பர் போட்டு, 90 நாள் நோட்டீஸ் முடித்துப் போனால் நாலே முக்கால் ஆண்டு ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று உதவும். மேட்டூர் பியர்ட்செல் நிறுவன வழக்கில், நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டும் முழு ஆண்டாகவே கணக்காகும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆண்டுக் கணக்குக்குச் சட்டம் சொல்லும் நாள் அளவு, வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்கு 190. எல்லா நிறுவனமும் இந்த விளக்கத்தைத் தானாகப் பின்பற்றுவதில்லை. எனவே கடைசி வேலை நாளை உறுதி செய்வதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், புது நிறுவனத்திடம் சேரும் தேதியைச் சில வாரம் தள்ளிக் கேட்பதும் ஒரு வழி. ஒரு கவுண்டர் ஆஃபரின் உண்மையான லாபத்தைவிடப் பெரிய தொகை சில சமயம் இப்படித் தேதியில் ஒளிந்திருக்கிறது. தாய்மை விடுப்பும் அப்படித்தான். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால்தான் சட்டப்படி அந்தச் சலுகை உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு மாறும் மாதமே முக்கியமாகிவிடுகிறது.

பணக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் பணத்துக்காக மட்டும் எல்லோரும் பேப்பர் போடுவதில்லை. "இரவு பத்து மணிக்கு கிளையன்ட் கால்", "மூன்று வருடமாக ஒரே பழைய மென்பொருளைப் பராமரிக்கிறேன், வெளியே கேட்கும் எதுவும் எனக்குத் தெரியாது", "இந்த மேனேஜரோடு முடியாது" என்று காரணங்கள் வேறாக இருக்கும். பேப்பர் போடுவதற்கு முந்தைய இரவே அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்வேன். கவுண்டர் ஆஃபர் வந்த பிறகு எழுதினால் தொகை காரணத்தை மாற்றிவிடும். எழுதிவைத்த காரணம் அந்த நிறுவனத்தால் தீர்க்கக்கூடியதா, தீர்ப்பதாகச் சொல்லும் ஆளுக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "ஆன்சைட் அனுப்பிவிடுகிறேன்" என்ற வாக்குறுதி இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் எச்-1பி விசா குலுக்கலைப் பொறுத்தது. 2025 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணமும் விதிக்கப்பட்டது. மேனேஜர் மனதாரச் சொன்னாலும் அவர் கையில் இல்லாத ஒன்றை அவர் தர முடியாது.

ஏற்பது சரியாக அமைகிற சந்தர்ப்பங்களும் உண்டு. நான் பார்த்தவரை அவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: காரணம் ஒன்றே ஒன்றாக இருக்கும், நிறுவனம் அதை உடனே, எழுத்தில் தீர்த்திருக்கும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டியவருக்கு அங்குள்ள கிளைக்கு இடமாற்ற ஆணையே கைக்கு வந்துவிட்டால், அவர் ஏன் போக வேண்டும்? அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்த மூத்த ஊழியருக்கு, போனஸாக இல்லாமல் நிலையான சம்பளத்திலேயே அந்த இடைவெளியை அடைத்தால், அதுவும் நேர்மையான திருத்தம்தான். போக நினைத்த புது நிறுவனமே தள்ளாடும் செய்தி வந்தாலும் தங்குவது நல்லது. சேருவதற்கு முன்பே ஆஃபரை ரத்து செய்துவிட்டால் ஊழியருக்கு நடைமுறையில் பாதுகாப்பு மிகக் குறைவு. பிரச்சினை மேனேஜரும் வேலையின் தன்மையும் என்றால் எவ்வளவு தொகைக்கும் ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆறு மாதத்தில் அதே களைப்போடு மறுபடியும் நேர்காணலுக்குத் தயாராக வேண்டியிருக்கும், கூடவே திருப்பிக் கட்ட வேண்டிய போனஸ் தலைக்கு மேல் நிற்கும்.

ஏற்பதென்று முடிவு செய்தால் வரிசை தவறக் கூடாது. பலர் சிக்கிக்கொள்வது இதில்தான். "ஓகே, இருக்கேன்" என்று மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, நன்றி உணர்ச்சியில் அன்று மாலையே புது நிறுவனத்துக்கு மறுப்பு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மனிதவளத் துறை, நிதித் துறை என்று ஒப்புதல் ஏறி இறங்கி வரும்போது 16 லட்சம் பதினாலேகாலாகக் குறைந்திருக்கும். அப்போது கையில் வேறு எதுவும் இல்லை. முதலில் திருத்திய சம்பளக் கடிதம், பிரித்துக் காட்டிய அட்டவணையோடு, கையெழுத்தாகி வர வேண்டும். அடுத்து, ராஜினாமா திரும்பப் பெறப்பட்டது, பணி தொடர்கிறது என்ற உறுதி மின்னஞ்சலில் வர வேண்டும். போர்ட்டலில் கடைசி வேலை நாள் நீங்கியிருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். ஒருமுறை ஏற்கப்பட்ட ராஜினாமாவை நிறுவனம் சம்மதித்தால்தான் திரும்பப் பெற முடியும் என்று தனியார் பணி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. அந்தச் சம்மதம் எழுத்தில் இல்லாவிட்டால், பழைய தேதியிலேயே உங்கள் கணக்கு மூடப்படவும் கூடும். இவை இரண்டும் கைக்கு வந்த பிறகே புது நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். அதையும் தாமதிக்காமல், தொலைபேசியில் நேரடியாகச் சொல்லிவிட்டு மின்னஞ்சல் அனுப்புவதே மரியாதை. சேரும் நாளன்று தொலைபேசியை அணைத்துவிட்டு மறைபவர்களால் இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை வீணாகிறது. பெரிய நிறுவனங்களின் விண்ணப்பதாரர் பதிவில் அது குறிப்பாக நிற்கவும் செய்யும்.

கவுண்டர் ஆஃபர் எந்த வாரத்தில் வருகிறது என்பதும் சேதி சொல்லும். முதல் பத்து நாளில் வந்தால், மேனேஜர் உண்மையாகவே தக்கவைக்க முயல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பேச்சு, பிறகு இரண்டு மாதம் மௌனம், 75ஆவது நாளில் திடீரென்று பெரிய தொகை என்றால், உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் ஏற்றால் ஆள் கிடைக்கும் வரைதான் அந்த மதிப்பு. புது நிறுவனமும் உங்களை நம்பி மற்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

ஏற்ற பிறகு கவனிக்க வேண்டிய தெளிவான அடையாளம் கே.டி. நோட்டீஸ் காலத்தில் உங்கள் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அமர்வுகள் நடக்கும். ராஜினாமாவைத் திரும்பப் பெற்ற மறுவாரமே அவை நின்றிருக்க வேண்டும். "நடக்கட்டும், ஒரு பேக்கப் இருக்கட்டும்" என்று தொடர்ந்தால், உங்கள் இடத்துக்கு எழுப்பிய ஆள் தேடும் கோரிக்கை ரத்தாகாமல் இருந்தால், நிறுவனம் உங்களிடமிருந்து சில மாதங்களை வாங்கியிருக்கிறது. அப்படித் தெரிந்தால் கோபப்பட்டுப் பயனில்லை. புது நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு அதிகாரியோடு தொடர்பை விடாமல் வைத்துக்கொண்டு, போனஸ் நிபந்தனை முடியும் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, வேலையைச் செய்துகொண்டே தேட வேண்டும்.

மறுப்பதென்றால் நீளமாகப் பேசவே வேண்டாம். மேனேஜர் விடாமல் கேட்பார். தொகையை ஏற்றிக்கொண்டே போவார். "எவ்வளவு தந்தா இருப்பீங்க, சொல்லுங்க" என்பார். அதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் மறுக்க முடியாத நிலைக்கு நீங்களே போய்விடுவீர்கள். "நீங்க கேட்டதுக்கு ரொம்ப நன்றி. நான் முடிவு பண்ணிட்டேன். கே.டி. முழுசா முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போவேன்" என்று சொன்னால் போதும். மேனேஜர் மேல் இருக்கும் குறைகளை அந்த அறையில் பேசித் தீர்க்க முயல வேண்டாம். அவை பேசப்படப் பேசப்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்குறுதி வரும். அதன் பிறகு புது நிறுவனத்தைக் காட்டிப் பழைய நிறுவனத்திடம் ஏற்றுவது, பழையதைக் காட்டிப் புதியதிடம் ஏற்றுவது என்று இரண்டு முறைக்கு மேல் போகவே கூடாது. இந்தத் துறையில் மனிதவள அதிகாரிகள் ஒருவரையொருவர் அறிவார்கள்.

மறுத்த பிறகு மிஞ்சும் நோட்டீஸ் காலத்தைக் குறைக்க வழி இருக்கிறது. புது நிறுவனம் நோட்டீஸ் பை-அவுட் தருமா என்று கேட்கலாம். ஆனால் பழைய நிறுவனம் பணத்தை வாங்கிக்கொண்டு விடுவிக்கச் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த உரிமை யாருக்கு என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். கடைசி நாளில் ரிலீவிங் லெட்டரும் பணி அனுபவச் சான்றும் கையில் வாங்க வேண்டும். நிறுவனத்தின் மின்னஞ்சல் அன்று மாலையே மூடப்படும் என்பதால் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16ஐயும் முன்பே சேமித்துக்கொள்ள வேண்டும். பி.எஃப். கணக்கில் விலகல் தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று அடுத்த மாதமே பாருங்கள். பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆன பிறகு உறுப்பினர் தளத்தில் நீங்களே அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.